துஞ்சாதேனே: யாங்கோன் தமிழ்ச் சொற்போரில் ஒரு மாணவியின் உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், மண்டபத்தில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும், எங்கள் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு ஆசிரியை அம்மாவுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் வணக்கம். போனிலேயே வாசித்து வளரும் என் வயதுப் பிள்ளைகளுக்கும் கவிதை வேண்டும் என்ற பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கட்டை விரலால் வாசிக்கிறார்கள், விரல் ஓடிக்கொண்டே இருக்கும்போது கவிதைக்கு எங்கே நேரம் என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினீர்கள். அழகாகச் சொன்னார், நானும் தட்டினேன். ஆனால் போன மாதம் ஒரு ராத்திரி என் கட்டை விரல் நின்ற கதையைச் சொன்னால், அண்ணன் சொன்னது முழு உண்மையா என்று நீங்களே முடிவு செய்வீர்கள்.

என் தோழி ஒருத்தி. அவளுடைய அண்ணன் வேலை தேடித் தாய்லாந்துக்குப் போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அன்றைக்கு எங்கள் தெருவில் சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. பக்கத்து மாடியில் ஜெனரேட்டர் ஓடி, அதுவும் நின்று, நாய்கள் குரைத்து ஓய்ந்து, ஊரே அடங்கிவிட்டது. மணி ஒன்று இருக்கும். மெசஞ்சரில் அவளிடமிருந்து வந்தது: "தூங்கிட்டியா?" நான் இல்லை என்றேன். "வீட்டுல எல்லாரும் தூங்குறாங்க. எனக்கு மட்டும் தூக்கம் வரல. அண்ணன் போன் எடுக்கல." அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

அழுகிற முகம் ஒன்று அனுப்பினேன். இதயம் ஒன்று அனுப்பினேன். இரண்டும் போய்ச் சேர்ந்தன, இரண்டுமே ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் வகுப்பில் ஆசிரியை அம்மா மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்த நாலு வரி நினைவுக்கு வந்தது. பதுமனார் என்ற புலவர் பாடியது, குறுந்தொகையில் ஆறாவது பாட்டு. தட்டச்சு செய்து அனுப்பினேன்.

நள்ளென் றன்றே யாமம் சொல்அவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். எங்களில் பலரும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் பர்மியம், கடைத்தெருவில் பர்மியம், வீட்டில் பாதித் தமிழ். அப்புறம் கேட்டாள்: "குரல்ல சொல்லு." போர்வைக்குள் வாயை வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லி அனுப்பினேன். பொருளும் சொன்னேன். நடுச்சாமம் நள் என்று கிடக்கிறது. பேச்சு அவிந்து மனிதர்கள் இனிமையாக அடங்கிவிட்டார்கள். எந்த வெறுப்பும் இல்லாமல் இந்த அகன்ற உலகமும் தூங்குகிறது. நான் ஒருத்தி மட்டும், நிச்சயமாக நான் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை.

அவள் திருப்பி எழுதியதை அப்படியே சொல்கிறேன். "இது யார் எழுதுனது? இங்க உள்ளவங்களா?"

ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டு என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. இன்னொன்றும் சொன்னேன். இதில் பேசுகிறவள் ஒரு பெண், கேட்கிறவள் அவளுடைய தோழி. பொருள் தேடப் போனவன் இன்னும் திரும்பவில்லை, அதனால்தான் இவளுக்குத் தூக்கம் இல்லை. இதைக் கேட்டதும் என் தோழி பேசாமல் இருந்தாள். அந்தப் பாட்டில் வருகிறவன் காதலன், இவளுக்குப் போனது அண்ணன். ஆனாலும் வேலைக்குப் போனவனை நினைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தி தோழியிடம் பேசுகிறாள் என்பது, அன்றைக்கு எங்கள் இரண்டு போன்களிலும் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

ஐயா, இந்த நாலு வரிக்குத் திரையைத் தள்ள வேண்டியதில்லை. ஒரே பார்வையில் முழுப் பாட்டும் கண்ணில் இருக்கிறது. ஆனால் ஒரு தடவையில் முடியவில்லை. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "மன்ற" என்ற அந்தச் சின்னச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். "ஓர்யான் துஞ்சாதேனே." பொருள் வந்துவிடுகிறது, பாட்டு ஓய்ந்துவிடுகிறது. "நிச்சயமாக" என்று அவள் அழுத்திச் சொல்லும்போதுதான், யாரோ அவளிடம் "நீயும் தூங்கேன்" என்று சொல்லியிருப்பார்கள் என்று தெரிகிறது. மூன்றாவது வரி "துஞ்சும்" என்று முடிகிறது, அடுத்த வரி "துஞ்சாதேனே" என்று முடிகிறது. உலகம் முழுவதையும் ஒரு வரியில் தூங்க வைத்துவிட்டு, அடுத்த வரியில் ஒருத்தியை மட்டும் விழிக்க வைத்திருக்கிறார். கடைசியில் இருக்கும் அந்த ஏகாரத்தை நீட்டிச் சொல்லும்போது பெருமூச்சு விடுவது போலவே இருக்கிறது. இவ்வளவையும் நான் பார்த்தது ஆறு அங்குலத் திரையில். பத்தாவது தடவை படிக்கும்போதுகூட விரல் நகரவில்லை.

எதிரணி அக்கா, நல்ல வாசிப்பு என்றால் புத்தகம் வேண்டும், போனைக் கீழே வைத்தால்தான் கவிதை வரும் என்றார். அக்காவிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். இந்த யாங்கோனில் என் வயதுப் பிள்ளை தமிழ்க் கவிதைப் புத்தகம் வாங்க எந்தக் கடைக்குப் போவாள்? 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபோது நம் தமிழ்ப் பள்ளிகளும் போயின என்று பெரியவர்கள் நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் தமிழ் கோயில் மண்டபங்களிலும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளிலும்தான் உயிரோடு இருந்தது. எங்கள் வீட்டில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களை எண்ண ஒரு கை விரல் போதும். 2014இல் 1500 கியாட்டுக்கு சிம் கார்டு வந்தபோது நான் சின்னப் பிள்ளை. கம்ப்யூட்டர் இல்லாத எங்கள் வீட்டுக்குள் போன் வந்துவிட்டது. எங்களுக்கு வாய்த்த புத்தக அலமாரி அதுதான். கவிதைக்குப் போனில் இடமில்லை என்று நீங்கள் சொன்னால், எங்களுக்குக் கவிதையில் இடமில்லை என்றுதான் எங்கள் காதில் விழுகிறது.

பாட்டு எழுதப்படும் இடம் என்றைக்கும் ஒன்றாகவே இருந்ததும் இல்லை. ஓலையில் வரி பிரிக்காமல், சொல்லுக்குச் சொல் இடம் விடாமல் தொடர்ந்து எழுதியிருந்தார்கள். அசையும் சீரும் தெரிந்தவர்கள்தான் அங்கே வரி எங்கே முடிகிறது என்று கண்டார்கள். 1812இல் திருக்குறள் அச்சேறியபோது காகிதம் புதுசு. இன்றைக்குக் கண்ணாடி.

போனில் வருவதெல்லாம் கவிதை என்று நான் வாதாட வரவில்லை. பூப்படத்துக்கு மேல் ஒரு வாக்கியத்தை ஐந்தாக உடைத்துப் போட்டு, அடியில் யாரோ பெரியவர் பேரைச் சேர்த்து அனுப்புகிறார்கள். என் கைக்கும் தினமும் வருகிறது. இதில் எதிரணி சொன்னதை மனதார ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வேண்டாம் என்று தள்ள எனக்கு எப்படித் தெரிந்தது? நல்ல பாட்டு நாலு மனப்பாடமாக இருந்ததால் தெரிந்தது. "மன்ற" என்ற ஒரு சொல்லின் கனத்தை ஒரு தடவை உணர்ந்த பிள்ளைக்கு, வெறும் சொல்லை அடுக்கி வைத்திருப்பது உடனே தெரிந்துவிடும். எங்கள் கையில் நாள் முழுக்க வந்து கொட்டுவது சொற்கள்தான். பொருள் விற்கிற சொல், கோபம் மூட்டுகிற சொல், பயம் காட்டுகிற சொல். சொல்லை எடைபோடத் தெரியாமல் இதற்குள் பதினாறு வயதுப் பிள்ளையை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், டேட்டா தீர்ந்துபோகும். பேட்டரி தீர்ந்துபோகும். இந்த ஊரில் அதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னையும் என் தம்பியையும் தூங்க வைத்த தாலாட்டை, அவருடைய அம்மாவிடம் கேட்டபடியே இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் பாடுவார். போனில் நான் பார்த்த காணொளிகளில் நேற்றுப் பார்த்ததுகூட இன்று நினைவில்லை. அந்த நாலு வரி போன் அணைந்த பிறகும் என்னிடம் இருந்தது.

இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது என்று மணி அடித்துவிட்டார்கள். கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பள்ளியில் என் தோழி அந்தப் பாட்டை எங்கள் வகுப்புப் பர்மியப் பெண் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். பள்ளியில் பர்மியப் பாட்டு ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பழைய பாட்டுகளில் வரிக்கு நாலு அசை. முதல் வரியில் நாலாவது அசையில் வரும் ஓசை, அடுத்த வரியில் மூன்றாவதுக்கும், அதற்கடுத்ததில் இரண்டாவதுக்கும் ஏறி வரும், மாடிப்படி மாதிரி. நம் எதுகை வரியின் வாசலில் நிற்கும், அவர்களுடையது உள்ளே ஏறிப் போகும். அந்தப் பெண் இடைவேளையில் உட்கார்ந்து, பதுமனாரின் பாட்டை அந்தப் படிக்கட்டுக்குள் கொண்டுவர முயன்றாள். தூங்கும் உலகம் வந்துவிட்டது. "ஓர்யான்" மட்டும் வரவில்லை. "நான் மட்டும்" என்றால் அசை கூடுகிறது, "நான்" என்றால் தனிமை போய்விடுகிறது. மூன்று பேரும் போனில் அடித்து அடித்து அழித்தோம். மணி அடித்து ஆசிரியர் உள்ளே வந்த பிறகும் மேசைக்கு அடியில் அழித்துக்கொண்டிருந்தோம்.

அது இன்னும் முடியவில்லை. தோழியின் அண்ணன் இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார், நலமாக இருக்கிறார். நேற்று ராத்திரி அவளிடமிருந்து எனக்கு வந்த செய்தி இதுதான்: "ஏழாவது பாட்டு என்ன? அனுப்பு."

நன்றி, வணக்கம்.