சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வகுப்பு: டி.என்.ஏ முதல் புரதம் வரை, வினாக்களும் விடைகளும்

நீங்கள் மெட்ரிக் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். ஆனாலும் இவ்வினாக்களைத் தமிழில் தருகிறேன். தமிழில் சொல்லிப் பார்க்கும்போது மனப்பாடம் எது, புரிந்தது எது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். டர்பனில் பல ஆண்டுகள் காசநோய் ஆய்வகத்தில் சளி மாதிரிகளோடு வேலை பார்த்தவன் என்பதால், எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அந்தக் கிருமியைச் சுற்றியே வருகின்றன. சில வினாக்கள் பாடத்திட்டத்தைத் தாண்டியவை. விடையைப் பார்க்கும் முன் காகிதத்தில் எழுதுங்கள்.

வினா 1 (4 மதிப்பெண்). எஸ்செரிசியா கோலை பாக்டீரியாக்களைக் கனமான நைட்ரஜன்-15 கலந்த ஊடகத்தில் பல தலைமுறைகள் வளர்த்தபின், சாதாரண நைட்ரஜன்-14 ஊடகத்துக்கு மாற்றி மூன்று முறை இரட்டிக்க விடுகிறோம். அடர்த்திச் சரிவில் சுழற்றினால் எந்தப் பட்டைகள், எந்த விகிதத்தில் தெரியும்?

விடை: டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரிந்து, ஒவ்வொன்றும் புதிய இழைக்கு வார்ப்பாக அமைவதால், தொடக்கத்தில் இருந்த இரண்டு கனமான இழைகளும் எத்தனை தலைமுறை ஆனாலும் இரண்டாகவே இருக்கும். மூன்று இரட்டிப்புகளில் ஒரு மூலக்கூறு எட்டாகிறது; அவற்றுள் இரண்டு கலப்புப் பட்டையிலும் ஆறு இலேசான பட்டையிலும் விழும். எனவே விகிதம் 1 : 3. மெசல்சனும் ஸ்டாலும் 1958இல் வெளியிட்ட சோதனை இதுவே. முதல் தலைமுறையில் கலப்புப் பட்டை மட்டும் தெரிந்ததால் பழைய மூலக்கூறு உடையாமல் அப்படியே நிற்கிறது என்ற கருத்து அடிபட்டது. இரண்டாம் தலைமுறையில் பட்டை இரண்டாகப் பிரிந்ததால் பழையதும் புதியதும் ஒவ்வோர் இழையிலும் துண்டுதுண்டாகக் கலக்கின்றன என்ற கருத்தும் அடிபட்டது. இந்த இரண்டாவது காரணத்தையும் எழுதினால்தான் முழு மதிப்பெண்.

வினா 2 (5 மதிப்பெண்). எ. கோலையின் குரோமோசோமில் ஏறத்தாழ 46 இலட்சம் கார இணைகள் உள்ளன. ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து இரு கவைகள் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. ஒவ்வொன்றின் வேகமும் நொடிக்கு 1000 காரங்கள் எனக் கொள்க. இரட்டிப்பு முடிய எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல ஊடகத்தில் அதே பாக்டீரியா 20 நிமிடத்தில் பிரிகிறதே, அது எப்படி?

விடை: ஒவ்வொரு கவையும் 23 இலட்சம் இணைகளைக் கடக்க 2300 நொடிகள், அதாவது சுமார் 38 நிமிடங்கள் ஆகும். முதல் சுற்று முடிவதற்கு முன்பே தொடக்கப் புள்ளியில் அடுத்த சுற்று கிளம்பிவிடுவதால், பிறக்கும் சேய்ச் செல் பாதி இரட்டித்த குரோமோசோமோடுதான் பிறக்கிறது. ஒரு புட்டு வெந்து இறங்கும் முன்பே அடுத்த குழாயில் மாவை நிரப்பி வைப்பதைப் போன்றது இது.

வினா 3 (10 மதிப்பெண்). கீழே உள்ளது ஒரு சிறு மரபணுவின் வார்ப்பு இழை.

```
3'-TAC AGC GTT CCA ACT-5'
```

(அ) தூது ஆர்.என்.ஏ.வையும் அமினோ அமிலங்களையும் எழுதுக. (ஆ) வார்ப்பு இழையில் AGC என்பது AAC ஆனால் என்ன நிகழும்? (இ) GTT என்பது ATT ஆனால்? (ஈ) CCA என்பது CCG ஆனால்? (உ) வார்ப்பு இழையின் நான்காம் காரமாகிய A நீங்கிவிட்டால்?

விடை:

```
5'-AUG UCG CAA GGU UGA-3'
```

(அ) மெத்தியோனின், செரைன், குளுட்டமின், கிளைசின், பிறகு நிறுத்தம். மாணவர்கள் இங்கே செய்யும் தவறு எப்போதும் ஒன்றே: வலப்பக்கம் 5' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு அங்கிருந்து எழுதத் தொடங்குகிறார்கள். ஆர்.என்.ஏ பாலிமரேஸ் வார்ப்பு இழையை 3' முனையிலிருந்து படித்து, தூதை 5' முனையிலிருந்து கட்டுகிறது என்பதை ஒருமுறை விரலால் தொட்டுத் தொட்டு எழுதிப் பார்த்தால் அந்தப் பிழை திரும்ப வராது.

(ஆ) UCG என்பது UUG ஆகிறது. செரைனின் இடத்தில் லியூசின் வருகிறது. இது பொருள்மாற்றும் திடீர்மாற்றம். (இ) CAA என்பது UAA ஆகிறது. மூன்றாவது அமினோ அமிலத்துக்கு முன்பே மொழிபெயர்ப்பு நின்றுபோகிறது. (ஈ) GGU, GGC இரண்டுமே கிளைசினுக்கு உரியவை. எனவே இது ஓசையற்ற திடீர்மாற்றம், புரதம் மாறாது. (உ) தூது AUG CGC AAG GUU GA என்றாகும். மெத்தியோனின், ஆர்ஜினின், லைசின், வேலின் என்று தொடர்ந்து, நிறுத்தக் கோடானும் சட்டகத்திலிருந்து விலகிவிடுகிறது. ஒரு காரம் மாறுவதைவிட ஒரு காரம் காணாமற்போவது ஏன் பெரிய சேதம் என்று இதைக் கொண்டே விளக்கலாம். (ஆ)-வில் உள்ள மாற்றத்தை நினைவில் வையுங்கள். எட்டாம் வினாவில் திரும்ப வரும்.

வினா 4 (3 மதிப்பெண்). செய்தியைச் சுமப்பது ரைபோசோம் அன்று, நிலையற்ற வேறோர் ஆர்.என்.ஏ என்பதை எந்தக் கண்டுபிடிப்பு காட்டியது?

விடை: பாக்டீரியாவை வைரஸ் தாக்கிய பிறகு உண்டான புதிய ஆர்.என்.ஏ, தாக்குதலுக்கு முன்பே இருந்த பழைய ரைபோசோம்களில் போய் ஒட்டியிருந்தது. ரைபோசோம் எந்தச் செய்தியையும் படிக்கும் பொதுக்கருவி என்பது இதனால் உறுதியாயிற்று. 1961இல் ஜேக்கப், மெசல்சன் ஆகியோருடன் இதைச் செய்த சிட்னி பிரென்னர் நம் ஜெர்மிஸ்டனில் பிறந்தவர்.

வினா 5 (12 மதிப்பெண்). வளர்ந்துகொண்டிருக்கும் எ. கோலையை நான்கு குடுவைகளில் பிரித்து, கதிரியக்கம் ஏற்றிய தைமிடின், யூரிடின், லியூசின் ஆகியவற்றை ஊட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தைச் சேர்க்கிறோம். முதல் குடுவையில் தைமிடின் ஏறுவது உடனே நிற்கிறது. மற்றவை சிறிது நேரம் தொடர்கின்றன. இரண்டாவதில் யூரிடின் உடனே நிற்கிறது. லியூசின் சில நிமிடங்களில் படிப்படியாகக் குறைகிறது. மூன்றாவதில் லியூசின் மட்டும் உடனே நிற்கிறது. நான்காவதில் எதுவும் உடனடியாக நிற்கவில்லை, ஆனால் சிறிது நேரத்தில் செல்கள் வெடிக்கின்றன. மருந்துகள் குளோராம்பெனிகால், சிப்ரோஃப்ளாக்சசின், பென்சிலின், ரிஃபாம்பிசின். எது எதில்?

விடை: தைமிடின் டி.என்.ஏ.வுக்கும், யூரிடின் ஆர்.என்.ஏ.வுக்கும், லியூசின் புரதத்துக்கும் அடையாளம். முதல் குடுவை சிப்ரோஃப்ளாக்சசின்: கவையின் முன்னே திரளும் முறுக்கைத் தளர்த்தும் டி.என்.ஏ கைரேஸ் என்னும் நொதியை, அது இழைகளை வெட்டிப் பிடித்திருக்கும் நிலையிலேயே இம்மருந்து பூட்டிவிடுவதால் கவை முட்டி நிற்கிறது. இரண்டாவது ரிஃபாம்பிசின்: படியெடுத்தல் நின்றாலும், முன்பே எழுதப்பட்ட தூதுகள் சிதையும்வரை ரைபோசோம்கள் வேலை செய்துகொண்டே இருக்கும், பாக்டீரியத் தூதின் ஆயுள் சில நிமிடங்களே என்பதால் லியூசின் மெல்ல இறங்குகிறது. அந்தச் சரிவான கோட்டை வரைபடத்தில் வரைந்து காட்டுபவருக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகத் தருவேன். மூன்றாவது குளோராம்பெனிகால்: ரைபோசோமின் 50S துணையலகில் பெப்டைடு பிணைப்பு உண்டாகும் இடத்தை அடைக்கிறது. நான்காவது பென்சிலின், அது செல்சுவர் கட்டுவதைத் தடுப்பது, நம் மூன்று படிகளில் எதையும் தொடுவதில்லை.

வினா 6 (4 மதிப்பெண்). ஏற்கெனவே நீண்ட ஆர்.என்.ஏ.வை எழுதிக்கொண்டிருக்கும் பாலிமரேஸை ரிஃபாம்பிசின் ஏன் நிறுத்துவதில்லை?

விடை: இம்மருந்து பாலிமரேஸின் பீட்டா துணையலகில், ஆர்.என்.ஏ வெளியேறும் வழியில் அமர்ந்து, இரண்டு மூன்று நியூக்ளியோடைடுகளுக்கு மேல் சங்கிலி வளராமல் தடுக்கிறது. நீண்ட சங்கிலி அவ்வழியில் முன்பே நிறைந்திருந்தால் மருந்துக்கு இடமில்லை.

வினா 7 (8 மதிப்பெண்). ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் காது கேளாமற் போயிற்று. அவருடைய அம்மாவுக்கும் தாய்மாமனுக்கும் அதே வகை ஊசிகளால் அவ்வாறே ஆகியிருந்தது. தாய்மாமனின் பிள்ளைகள் அதே ஊசியைப் போட்டும் பாதிக்கப்படவில்லை. மருந்தின் செயலையும் குடும்ப வரலாற்றையும் இணைத்து விளக்குக.

விடை: ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரிய ரைபோசோமின் 30S துணையலகில் பிணைந்து கோடான்களைப் பிழையாகப் படிக்கச் செய்கிறது. மனிதச் செல்லின் 80S ரைபோசோம் வேறுபட்டது. ஆனால் மைட்டோகாண்டிரியாவின் ரைபோசோம், பாக்டீரிய முன்னோரிடமிருந்து வந்ததால், பாக்டீரியாவினுடையதை ஒத்தது. அதன் 12S ஆர்.என்.ஏ.வில் 1555ஆம் இடத்தில் A என்பது G ஆக மாறியிருந்தால் ஒற்றுமை இன்னும் கூடி, மருந்து அங்கும் பிணைந்து, உட்செவியின் மயிர்ச்செல்களைக் கொல்கிறது. மைட்டோகாண்டிரியா தாயிடமிருந்தே வருவதால் தாய்மாமனுக்கு வந்தது, அவர் பிள்ளைகளுக்குப் போகவில்லை. "தாய்வழி" என்று மட்டும் எழுதி நிறுத்தியவர்களுக்குப் பாதி மதிப்பெண்தான். லினசோலிட் மருந்தை நீண்ட நாள் உட்கொள்பவரின் எலும்பு மஜ்ஜை தளர்வதும் மைட்டோகாண்டிரியாவின் மொழிபெயர்ப்பு தடைப்படுவதாலேயே.

வினா 8 (14 மதிப்பெண்). (அ) காசநோய்க் கிருமியில் ரிஃபாம்பிசினை எதிர்க்கும் திடீர்மாற்றம் 10 கோடியில் ஒன்றிலும், ஐசோனியாசிட்டை எதிர்ப்பது 10 இலட்சத்தில் ஒன்றிலும் தானாகத் தோன்றுகிறது எனக் கொள்க. நுரையீரல் குழி ஒன்றில் 100 கோடிக் கிருமிகள் இருந்தால், ஒரே மருந்து கொடுப்பதன் விளைவு என்ன? இரண்டும் சேர்த்துக் கொடுத்தால்? (ஆ) மருந்துதான் திடீர்மாற்றத்தை உண்டாக்குகிறது என்பவருக்கு என்ன சொல்வீர்கள்? (இ) 2006இல் நம் மாகாணத்தின் துகேலா ஃபெரியிலிருந்து அறிவிக்கப்பட்ட மிகுமருந்தெதிர்ப்புக் காசநோய் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், ஃப்ளுரோகுயினலோன், ஊசி மருந்து ஆகியவற்றை எதிர்த்தது. எந்தெந்தப் படிகளில் கிருமி தப்பியது?

விடை: (அ) ரிஃபாம்பிசின் மட்டும் கொடுத்தால் ஏறத்தாழ 10 கிருமிகளும், ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் ஏறத்தாழ 1000 கிருமிகளும் பிழைத்துப் பெருகும். இரண்டும் சேர்ந்தால் வாய்ப்புகள் பெருக்கப்படுகின்றன. 10 கோடியை 10 இலட்சத்தால் பெருக்கினால் வரும் எண்ணில் ஒன்று, அதாவது 10¹⁴இல் ஒன்று. குழியில் உள்ளவை 10⁹ மட்டுமே. முதல் இரண்டு மாதங்களுக்கு நான்கு மருந்துகள் தருவதன் கணக்கு இதுதான். (ஆ) லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943இல் தனித்தனிக் குழாய்களில் பாக்டீரியாக்களை வளர்த்து வைரஸைச் சந்திக்கச் செய்தபோது, சில குழாய்களில் எதிர்ப்பவை ஏராளமாகவும் சிலவற்றில் அறவே இல்லாமலும் இருந்தன. சந்திப்பால் எதிர்ப்பு உண்டாகியிருந்தால் எல்லாக் குழாய்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்திருக்கும். மருந்து தேர்ந்தெடுக்கிறது, படைப்பதில்லை. (இ) ரிஃபாம்பிசின் படியெடுத்தலையும், ஃப்ளுரோகுயினலோன் இரட்டிப்பையும், கானமைசின், அமிக்காசின் போன்ற ஊசி மருந்துகள் மொழிபெயர்ப்பையும் தாக்குபவை. மூன்று படிகளிலும் கிருமி தப்பியது. ஐசோனியாசிட்டை இவற்றுள் சேர்த்தவர்கள் பொறியில் விழுந்தார்கள்: அது செல்சுவரின் மைக்கோலிக் அமிலத்தைத் தடுப்பது. அந்த அறிக்கையில் இருந்த 53 நோயாளிகளில் 52 பேர் இறந்தனர்.

மூன்றாம் வினாவில் கண்ட செரைன் லியூசின் ஆகும் மாற்றம், ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றங்களுள் ஒன்று: rpoB மரபணுவில் TCG என்பது TTG ஆவது.

வினா 9 (6 மதிப்பெண்). தென்னாப்பிரிக்காவில் 2011 முதல் பரவலாகப் பயன்படும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியின் முதல் வகைச் சோதனை, rpoB மரபணுவின் 81 கார இணைகள் கொண்ட பகுதியை ஐந்து ஒளிரும் தேடிகளால் சரிபார்க்கிறது. வரிசை மாறியிருந்தால் அவ்விடத்துத் தேடி ஒட்டாது. ஒரு மாதிரியில் நான்கு வளைவுகள் எழுந்து ஐந்தாவது எழவில்லை; கருவி "ரிஃபாம்பிசின் எதிர்ப்பு" என்று சொன்னது. ஆனால் அதே கிருமியை மருந்து கலந்த ஊடகத்தில் வளர்த்தபோது அது வளரவில்லை. இரண்டு முடிவும் பிழையற்றவை எனில், எவ்வாறு?

விடை: தேடி படிப்பது காரங்களை, ரிஃபாம்பிசின் பிணைவது புரதத்தில். TTC என்பது TTT ஆனால், இரண்டும் ஃபினைல்அலனினுக்கே உரியவை என்பதால் பாலிமரேஸ் மாறவில்லை, மருந்தும் வழக்கம்போல் வேலை செய்கிறது. ஆனால் ஒரு காரம் மாறியதால் தேடி ஒட்டாமல் விலகிவிட்டது. இத்தகைய மாதிரிகள் உண்மையிலேயே வருவதுண்டு. அப்பகுதியின் வரிசையைப் படித்துப் பார்த்து, மாற்றம் ஓசையற்றது என்று உறுதி செய்தபின், அந்த நோயாளிக்கு ரிஃபாம்பிசினையே தொடரலாம்.