இன்னும் ஒண்ணு பாத்துட்டு

விடுதி மாணவர்களுக்கான தூக்க விழிப்புணர்வுக் காணொலி – படப்பிடிப்பு வசனம்

நீளம்: சுமார் 8 நிமிடம்
இடம்: திருச்சி அருகே பொறியியல் கல்லூரியும் நர்சிங் கல்லூரியும் சேர்ந்திருக்கும் ஒரு வளாகம்
வருபவர்கள்: கவின் (இ.சி.இ. இரண்டாம் ஆண்டு), அருள் (அறைத் தோழன்), மீரா (நர்சிங் மூன்றாம் ஆண்டு, தொகுப்பாளர்), மெஸ் அண்ணன்

காட்சி 1: விடுதி அறை, இரவு

(இருட்டு. மின்விசிறியின் கடகட சத்தம். கட்டிலில் போர்வைக்குள் ஒரு நீல வெளிச்சம். கேமரா நெருங்கும்போது கவினின் முகம். கட்டை விரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தலைமாட்டில் பிளக் பாயிண்ட், அதிலிருந்து சார்ஜர் ஒயர். பக்கத்தில் திறந்தபடி கவிழ்ந்து கிடக்கும் ஒரு நோட்டு. மேசையில் காலி டீ டம்ளர்.)

திரையில்: இரவு 1.40

அருள் (கண்ணைத் திறக்காமல்): டேய்... காலைல இன்டர்னல்டா.

கவின்: தெரியும்டா. இன்னும் ஒண்ணு பாத்துட்டு படிக்கப் போறேன்.

அருள்: பதினோரு மணிக்கும் இதையேதான் சொன்ன.

(கவின் பதில் சொல்லவில்லை. திரையில் 2.15. பிறகு 3.00. இப்போது நோட்டு மடியில், கண் சொக்குகிறது. ஒரே வரியை விரல் வைத்து மூன்று முறை படிக்கிறான்.)

காட்சி 2: தேர்வு அறை, காலை

(9.30 மணி. கவின் கேள்வித்தாளைப் பார்க்கிறான். முகம் மலர்கிறது. எழுதத் தொடங்கி, பேனா நிற்கிறது. கண்ணை மூடி யோசிக்கிறான்.)

கவின் (மனக்குரல்): வலது பக்கம்... மேல படம் இருந்துச்சு. அதுக்குக் கீழ பென்சில்ல கட்டம் போட்டிருந்தேன். கட்டத்துக்குள்ள என்ன எழுதியிருந்தேன்?

(விடைத்தாளில் கேள்வி எண் மட்டும். அதன் மேல் படம் உறைகிறது.)

காட்சி 3: விடுதி மொட்டை மாடி, மாலை

(மீரா கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள். பின்னால் கொடியில் காயும் துணிகள்.)

மீரா: பக்கம் ஞாபகம் இருக்கு, படம் ஞாபகம் இருக்கு, கட்டம் கூட ஞாபகம் இருக்கு. உள்ள இருந்த ஃபார்முலா மட்டும் காணோம். இது உங்கள்ல எத்தனை பேருக்கு நடந்திருக்குன்னு எனக்குத் தெரியும், ஏன்னா எனக்கும் நடந்திருக்கு.

கவின் படிக்காம இல்ல. மூணு மணிக்கு உக்காந்து படிச்சான். படிச்சதை மூளை எடுத்து அடுக்கி வைக்கிற நேரத்தைத்தான் அவன் விட்டுட்டான். அந்த அடுக்குற வேலையில பெரும்பகுதி தூக்கத்துலதான் நடக்குது.

1924ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல ஜென்கின்ஸ், டாலன்பாக்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. அதுல கலந்துக்கிட்டது நம்மள மாதிரி ரெண்டு காலேஜ் பசங்கதான். அர்த்தமே இல்லாத பத்து அசைகளை மனப்பாடம் பண்ணணும். படிச்சிட்டு எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தப்ப பாதிக்குப் பக்கமா ஞாபகம் இருந்துச்சு. அதே எட்டு மணி நேரத்தை முழிச்சிருந்து கழிச்சப்ப ஒண்ணோ ரெண்டோதான் மிஞ்சுச்சு. அதுக்கப்புறம் நூறு வருஷமா இதை விதவிதமா சோதிச்சுப் பாத்துட்டே இருக்காங்க. தூக்கம் ஞாபகத்துக்குத் துணைங்கிற அடிப்படை மாறல.

உங்க வயசுக்கு ஏழுலேருந்து ஒன்பது மணி நேரம் வேணும். நாலு மணி நேரம் தூங்கிட்டு "எனக்கு இது பழகிடுச்சு"ன்னு சொல்றவங்க நிறைய பேர். நானும் சொன்னேன். போன வருஷம் நைட் போஸ்டிங். பகல்ல சரியா தூங்கல. வார்டுல ரெண்டு பெட்டோட டெம்பரேச்சரை மாத்தி எழுதிட்டேன். ரவுண்ட்ஸுக்கு முன்னாடி சிஸ்டர் பாத்துட்டாங்க, திருத்திட்டோம். எனக்குத் தூக்கக் கலக்கம் இருந்த மாதிரியே தெரியல. நல்லாத்தான் இருக்கேன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். இந்த வீடியோ எடுக்கணும்னு அன்னைக்குத்தான் தோணுச்சு.

பைக்ல வர்ற டே ஸ்காலர்ஸ் இதைக் கொஞ்சம் கேளுங்க. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா, நம்ம கவனமும் கை வேகமும் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவங்க அளவுக்குக் குறையுதுன்னு 1997லயே ஒரு ஆய்வு வந்துச்சு. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கிறது 0.03 வரைக்கும்தான். காலைல ஆறரைக்கு எழுந்தா, ராத்திரி பதினொன்றரைக்கு 17 மணி நேரம் ஆயிடுது. குரூப் ஸ்டடி முடிச்சிட்டு ஒரு மணிக்கு வண்டி எடுக்காதீங்க. அங்கேயே ஒரு பாய் போட்டுப் படுங்க.

காட்சி 4: முதல் மாற்றம்

(காலை 6.30. விடுதி வராந்தா. வெயில் சாய்வாக விழுகிறது. வாயில் பிரஷ்ஷுடன் அருள் கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்கிறான்.)

திரையில்: எழுந்திருக்கும் நேரம் ஒண்ணுதான்

மீரா (குரல்): எல்லாரும் "சீக்கிரம் படு"ன்னுதான் சொல்லுவாங்க. படுக்கலாம், ஆனா தூக்கம் வரணுமே? தூக்கத்தை இழுத்து வர முடியாது. எழுந்திருக்கிறதை மட்டும் முடிவு பண்ணலாம். அதனால அங்கேருந்து ஆரம்பிப்போம்.

நம்ம மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. அது எப்படி ஓடுதுன்னு செல்லுக்குள்ள போய்க் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2017ல நோபல் பரிசு கொடுத்தாங்க. நிறைய பேருக்கு அந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தை விடக் கொஞ்சம் நீளமா ஓடும். விட்டா தினமும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போகும். அதைத் திரும்ப இழுத்து வைக்கிறது காலை வெளிச்சம். பதின்ம வயசுலயும் இருபதோட தொடக்கத்துலயும் அது இன்னும் பின்னாடி தள்ளித்தான் ஓடும். பத்து மணிக்குத் தூக்கம் வரலைங்கிறதுக்காக உங்களைச் சோம்பேறின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உடம்பு அப்படித்தான் இருக்கு.

(வெட்டு: ஞாயிறு. பகல் 11.00. போர்வைக்குள் கவின். காலியாகக் கிடக்கும் மெஸ் தட்டுகள்.)

மீரா (குரல்): பிரச்சினை சனி, ஞாயிறுதான். வார நாள்ல ஏழு மணிக்கு எழுந்துட்டு லீவு நாள்ல ஒன்பதரைக்கு எழுந்தா, வித்தியாசம் ரெண்டரை மணி நேரம். நமக்கும் சவூதிக்கும் நேர வித்தியாசம் அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை உங்க கடிகாரம் சவூதிக்குப் போயிடுது, திங்கக்கிழமை முதல் பீரியடுக்குத் திருச்சிக்கு வரச் சொல்றீங்க. அது எப்படி வரும்? ஞாயித்துக்கிழமை ராத்திரி தூக்கம் வராம புரள்றதுக்கு இதுதான் பெரிய காரணம்.

(மீரா இப்போது வராந்தாவில், நேராக.)

மீரா: ஆறரையோ ஏழோ, உங்களால முடிஞ்ச ஒரு நேரத்தை வச்சுக்கோங்க. லீவு நாள்ல ஒரு மணி நேரம் கூட்டிக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். எழுந்ததும் ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் வெளியில நில்லுங்க. வராந்தாவுலயே பல்லு விளக்குங்க, மெஸ்ஸுக்கு நடந்து போங்க. மேகமா இருந்தாலும் வெளி வெளிச்சம் ரூம் டியூப்லைட்டை விடப் பல மடங்கு அதிகம். முதல் நாலஞ்சு நாள் பகல்ல கண்ணு இழுக்கும். மத்தியானம் இருபது நிமிஷம் அலாரம் வச்சுப் படுங்க. மூணு மணிக்கு மேல வேண்டாம், ராத்திரித் தூக்கத்தை அது எடுத்துடும்.

காட்சி 5: இரண்டாவது மாற்றம்

(கவினின் அறை. கேமரா தலைமாட்டு பிளக் பாயிண்ட்டிலிருந்து மெல்ல நகர்ந்து, எதிர்ச்சுவர் அலமாரிப் பக்கம் இருக்கும் இன்னொரு பிளக் பாயிண்ட்டில் நிற்கிறது.)

திரையில்: சார்ஜரை இடம் மாத்துங்க

கவின்: அலாரம் போன்லதானேக்கா இருக்கு?

மீரா: இருக்கட்டும். அங்க அடிச்சா எழுந்து போய்த்தான் நிறுத்தணும். அப்ப எழுந்தாச்சுல்ல.

கவின் (தயங்கி): இல்லக்கா... காலைலேருந்து கிளாஸ், லேப், ரெக்கார்ட். சாப்பாட்டுக்கும் குளிக்கவும் கியூ. ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க. அந்த நேரம் மட்டும்தான் எனக்குன்னு இருக்கு.

(மீரா உடனே பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து உட்காருகிறாள்.)

மீரா: நீ சொல்றது நியாயம்டா. அதை நான் பிடுங்கச் சொல்லல. அதை முன்னாடி கொண்டு வா. மெஸ்ல சாப்பிட்டதும் ஒன்பதுலேருந்து பத்து வரைக்கும் உன் நேரம். வீட்டுக்குப் பேசு, மேட்ச் பாரு, யாருக்கு மெசேஜ் அனுப்பணுமோ அனுப்பு. அந்த நேரத்துல ரெக்கார்ட் எழுதாத. பத்தேமுக்காலுக்குப் போன் அந்தப் பக்கம் போயிடணும். கண்ணுக்குள்ள நீல வெளிச்சத்தைப் பிடிச்சு "இன்னும் பகல்தான்"னு மூளைக்குச் சொல்ற செல்கள் இருக்கு. தூக்கத்துக்கு நேரமாச்சுன்னு சொல்ற மெலடோனின் அதனால தாமதமாகும். அதை விடப் பெரிய விஷயம், அந்த வீடியோ முடியுறதே இல்ல. ஒண்ணு முடியும்போது அடுத்தது ஓட ஆரம்பிச்சிருக்கும்.

(கேமராவிடம்) ரூம்ல மூணு பேர்னா மூணு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. பதினோரு மணிக்கு டியூப்லைட் ஆஃப், படிக்கிறவங்களுக்கு டேபிள் லேம்ப். ஒருத்தர் மட்டும் மாறுறது ஹாஸ்டல்ல ரொம்பக் கஷ்டம்.

காட்சி 6: மூன்றாவது மாற்றம்

(கல்லூரி கேட்டுக்கு வெளியே டீக்கடை. டீ ஆற்றும் கை.)

திரையில்: கடைசி டீ, மாலை 4 மணி

மீரா (குரல்): முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில அடினோசின்னு ஒண்ணு சேரும். அது போய் உக்காந்தாத்தான் தூக்கம் வரும். டீ, காபியில இருக்கிற கஃபைன் என்ன பண்ணும்னா, பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். அடினோசின் எங்கேயும் போகல, நின்னுக்கிட்டே வருது. துண்டை எடுத்ததும் மொத்தமா வந்து உக்காரும். தேர்வு அறையில திடீர்னு தலை கனக்குறது அதுதான்.

கஃபைன் பாதியாகக் குறையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். ராத்திரி பதினோரு மணிக்குக் குடிச்ச டீயில பாதி, விடியக்காலை நாலு மணிக்கும் உள்ள இருக்கும். பசிச்சா வாழைப்பழம், பால், ரெண்டு பிஸ்கட். எனர்ஜி டிரிங்க்குக்கும் இதே கணக்குதான்.

காட்சி 7: மொட்டை மாடி

மீரா: மூணையும் இன்னைக்கே ஆரம்பிக்க வேண்டாம். எழுந்திருக்கிற நேரத்தை முதல்ல பிடிங்க, ரெண்டு வாரம்.

இவ்வளவு பண்ணியும் வாரத்துல மூணு நாளுக்கு மேல தூக்கம் வராம மாசக்கணக்குல ஓடுதுன்னா, இல்ல தூக்கத்துல குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வருதுன்னு ரூம்மேட் சொன்னா, டாக்டரைப் பாருங்க. மெடிக்கல்ல கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீங்க. மனசு பாரமா இருக்கிறதாலயும் தூக்கம் போகும். அப்ப 14416க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

காட்சி 8: மெஸ், காலை

திரையில்: மூன்று வாரம் கழித்து, 7.30

(ஆவி பறக்கும் பாத்திரங்கள். தட்டோடு வரிசையில் கவின், பின்னால் அருள். மெஸ் அண்ணன் கரண்டியோடு நிமிர்ந்து கவினை உற்றுப் பார்க்கிறார்.)

மெஸ் அண்ணன்: என்ன தம்பி, புது அட்மிஷனா?

கவின்: ரெண்டாவது வருஷம்ண்ணே.

(அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி பொங்கல் கூடுதலாக வைக்கிறார். இருவரும் ஜன்னலோரம் உட்காருகிறார்கள்.)

அருள்: இன்னைக்கு இன்டர்னல். படிச்சிட்டியா?

கவின்: ரெண்டு யூனிட்தான்டா முடிஞ்சுது. பதினோரு மணிக்குப் படுத்துட்டேன்.

(பொங்கலை வாயில் வைத்ததும் சூடு தாங்காமல் ஊதுகிறான். ஜன்னல் வெயில் தட்டில் விழுகிறது. படம் மெல்ல மங்குகிறது.)