இரண்டாவது டேட்டாபேஸ் சர்வர் வாங்க நிதி ஒதுக்கக் கோரும் குறிப்பு

பெறுநர்: பொது மேலாளர் அவர்கள்
அனுப்புநர்: கணினிப் பிரிவு, தேயிலைத் தொழிற்சாலை, கோத்தகிரி
பொருள்: ரூ. 4,15,360 ஒப்புதல் வேண்டி

ஐயா,

செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொழுந்து வரத்து கூடிய நாட்களில், மாலை 4 முதல் 7 மணிக்குள் எடைப் பதிவு அடிக்கடி இழுத்தது. மற்ற நேரத்தில் ஒரு சீட்டு பதிவாக அரை விநாடி போதும். அந்த வேளைகளில் 15 முதல் 25 விநாடி ஆயிற்று. 18 கொள்முதல் மையங்களும் ஒன்றாகப் பதியும் நேரம் அது. சீட்டு வராமல் லாரி கிளம்பாது. மூட்டையில் அடைந்து கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். வாடல் தொட்டியில் பரப்பிய பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

பதிவுகளின் எண்ணிக்கை இதற்குக் காரணமில்லை. அதே சர்வரில் அதே நேரத்தில் ஓடும் ரிப்போர்ட்டுகள்தான் காரணம்: விவசாயிகளின் மாதக் கணக்கு, முன்பணப் பிடித்தம், குன்னூர் ஏலத்துக்கான இருப்பு விவரம். நம் டேட்டாபேஸ் 190 ஜிபி, சர்வரின் ரேம் 32 ஜிபி. மாதக் கணக்கு ஓடும்போது பழைய பதிவுகளை டிஸ்க்கிலிருந்து வாரி எடுப்பதால், எடைப் பதிவுக்கு வேண்டிய பக்கங்கள் ரேமிலிருந்து வெளியே தள்ளப்படுகின்றன. மந்தமான வேளைகளில் நம் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸின் `pg_stat_activity` பட்டியலைப் பார்த்தால், காத்திருக்கும் வேலைகளில் பெரும்பாலானவை `DataFileRead`, அதாவது டிஸ்க்கிலிருந்து படிக்கக் காத்திருப்பவை என்றே காட்டின. சிபியு பாதிகூட நிரம்பவில்லை.

செலவில்லாமல் செய்யக்கூடியவற்றைச் செய்தாகிவிட்டது. விவசாயி எண்ணுக்கும் தேதிக்கும் சேர்த்து இன்டெக்ஸ் போட்டதில், தனி ஆளின் கணக்கு உடனே வருகிறது. ஆனால் மொத்தக் கணக்கு மாதம் முழுவதையும் படித்தே ஆகவேண்டும். அங்கே இன்டெக்ஸ் உதவாது. மூன்று ரிப்போர்ட்டுகளை இரவுக்கு மாற்றினோம். பட்டுவாடா வாரத்தில் கணக்குப் பிரிவு பகலில் திரும்பத் திரும்ப எடுப்பதைத் தடுக்க முடியாது, தடுப்பதும் நியாயமில்லை. ரேம் கூட்டலாம் என்றால் இந்த மதர்போர்டு 32 ஜிபிக்கு மேல் ஏற்காது. கிளவுடுக்கு மாற்றினால், மழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்த நாளில் தொழிற்சாலைக்குள்ளேயே எடை பதிய முடியாமல் போகும்.

எனவே இரண்டாவது சர்வரை, முதல் சர்வரின் தொடர் நகலாக வைக்கக் கோருகிறோம். எடைப் பதிவு முதல் சர்வரில் மட்டும். ரிப்போர்ட்டுகள் நகலில் மட்டும். போஸ்ட்கிரெஸில் இந்த வசதி ஏற்கெனவே உள்ளது, லைசென்ஸ் செலவு இல்லை. மென்பொருளில் ரிப்போர்ட் பகுதியின் இணைப்பு முகவரியை மாற்றினால் போதும்.

செலவு:

- 16 கோர், 64 ஜிபி இசிசி ரேம், 960 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு (ஒன்றுக்கொன்று நகலாக): ரூ. 2,75,000
- உதிரி எஸ்எஸ்டி ஒன்று: ரூ. 22,000
- 2 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ், பேட்டரியுடன்: ரூ. 48,000
- கிகாபிட் ஸ்விட்ச், கேபிள்: ரூ. 7,000
- ஜிஎஸ்டி 18%: ரூ. 63,360

தனி யுபிஎஸ் ஆடம்பரமல்ல. இரண்டு சர்வரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தால், அது பழுதாகும் அன்று இரண்டும் சேர்ந்தே விழும். புதிய சர்வரை அலுவலகக் கட்டடத்தில் வைக்கலாம். உலர்த்தும் அறையை ஒட்டிய இப்போதைய இடத்தில் தேயிலைத் தூசு அதிகம்.

மூன்று விஷயங்களை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. நீண்ட ரிப்போர்ட் ஓடும்போது, முதல் சர்வரிலிருந்து வரும் மாற்றத்துக்கு வழிவிட நகல் சர்வர் அந்த ரிப்போர்ட்டையே ரத்துசெய்யக்கூடும். இயல்பாக 30 விநாடிதான் பொறுக்கும். அதை இப்படி மாற்றுவோம்:

```
max_standby_streaming_delay = 30min
```

இதன் விலை, ரிப்போர்ட் அரை மணி நேரம்வரை பின்தங்கலாம் என்பது. ஆகவே ஒவ்வொரு ரிப்போர்ட்டின் தலைப்பிலும் ‘எந்த நேரம் வரை’ என அச்சாகும். எடை போட்டவுடன் விவசாயி கேட்கும் இருப்பு முதல் சர்வரிலிருந்தே காட்டப்படும்.

இரண்டாவது, நகல் என்பது பேக்கப் அல்ல. தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். இரவு பேக்கப் இப்போதுபோலத் தொடரும்.

மூன்றாவது, முதல் சர்வர் பழுதானால் நகலை முதன்மையாக்க நாங்கள் கையால்தான் மாற்றுவோம். சுமார் 15 நிமிடம் ஆகும். தானாக மாறும் ஏற்பாட்டை வேண்டுமென்றே கேட்கவில்லை. இரண்டே சர்வர் இருக்கையில் இடையில் கேபிள் மட்டும் அறுந்தாலும் இரண்டும் தம்மையே முதன்மை என எண்ணிப் பதிவு வாங்கத் தொடங்கலாம். அப்படிப் பிரிந்த எடைக் கணக்கை ஒன்றுசேர்ப்பது, 15 நிமிட நிறுத்தத்தைவிடப் பெரிய தலைவலி.

பொருள் வந்து சேர நான்கு வாரம், நிறுவிச் சோதிக்க இரண்டு வாரம். ஏப்ரல் வரத்துக்கு முன் இயங்க, பிப்ரவரி 10-க்குள் தங்கள் ஒப்புதல் தேவை. முழுத்தொகைக்கு இந்த ஆண்டு இடமில்லையெனில் உதிரி எஸ்எஸ்டியைத் தள்ளிவைக்கலாம். ரேமையும் யுபிஎஸ்ஸையும் குறைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொறுப்பாளர், கணினிப் பிரிவு