சில்க் போர்டில் நிற்கிற வண்டி: மாப்ளைக்கு மாமாவின் சொற்கள்

மாப்ளே, இன்டர்வியூ போன கம்பெனியிலிருந்து வேலை இல்லை என்று மெயில் வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். போன் போட்டால் நீ எடுக்கமாட்டாய், அதனால் எழுதி அனுப்புகிறேன். ஆள் எடுக்கிற வேலையிலேயே இந்த பெங்களூரில் பாதி வயசைக் கழித்தவன் நான். எங்கள் ஆபீஸில் பசங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாசகங்கள் இவை, வரிசை எல்லாம் கிடையாது, பிடித்ததை வைத்துக்கொள்.

சில்க் போர்டு டிராஃபிக்கில் நிற்கிற வண்டியெல்லாம் கெட்டுப்போன வண்டி இல்லை.

அழுகிற அன்றைக்கு ரெஸ்யூமைத் தொடாதே. சாப்பிடு, தூங்கு. ராத்திரி ஒரு மணிக்குத் திருத்தின ரெஸ்யூமில் ஸ்பெல்லிங் தப்பு இருக்கும், கூடவே கோபமும் இருக்கும், இரண்டும் எங்கள் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

காரணம் எழுதாத மெயிலில் காரணம் தேடாதே. "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வேறு சிலரைத் தேர்வு செய்திருக்கிறோம்" என்ற அந்த நாலு வரி எல்லாருக்கும் ஒரே அச்சில் போவது, பெயர் மட்டும்தான் மாறும். உள்ளே என்ன நடந்திருக்கும் தெரியுமா? பட்ஜெட் இல்லை என்று வேகன்சியையே ஹோல்டில் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் வேறு டீமில் சும்மா இருந்த ஒருவரை அங்கே நகர்த்தியிருப்பார்கள், சில நேரம் உன்னைவிட நன்றாகச் செய்த ஒரு பெண்ணே வந்திருப்பாள். மூன்றில் எது என்று வெளியே இருக்கிற உனக்கு யாரும் சொல்லப் போவதில்லை. நாகரிகமாக ஒரு தரம் கேட்டுப் பார், பதில் வந்தால் லாபம், வராவிட்டால் விட்டுவிடு.

கேட்டவர் முகத்தை மற, கேட்ட கேள்வியை மறக்காதே. இன்றைக்கே நோட்டில் எழுதி வை, ஒரு வாரம் போனால் "ஏதோ எஸ்.கியூ.எல். கேட்டாங்க மாமா" என்றுதான் ஞாபகம் இருக்கும். அந்தக் கம்பெனியில் மறுபடி போட முடியுமா என்று கேட்பாய், போடலாம். கூலிங் பீரியட் என்று ஒன்று வைத்திருப்பார்கள், பல இடங்களில் ஆறு மாதம், அது முடிந்ததும் கூச்சப்படாமல் போடு. போன தடவை வேண்டாம் என்ற ஆளை அடுத்த தடவை நானே எடுத்திருக்கிறேன்.

நீ சொன்னால் செய்தி, கிருஷ்ணகிரி பெரியம்மா சொன்னால் கதை. அதனால் அப்பாவிடம் நீயே சொல்லிவிடு, இன்றைக்கே.

ரூம்மேட்டுக்குக் கிடைத்துவிட்டதா? வாழ்த்திவிடு, வயிறு எரிந்தாலும் பரவாயில்லை. அவனுக்குக் கிடைத்த கம்பெனியில் உனக்கு இனி ஓர் ஆள் இருக்கிறான். ரெஃபரல் என்பது வேறென்ன?

காசு கேட்டால் அது வேலை இல்லை. இதை மட்டும் கல்லில் வெட்டிக்கொள். முதல் அடி விழுந்த பையனைத் தேடித்தான் அந்த கன்சல்டன்சி ஆட்கள் போன் செய்வார்கள், ட்ரெயினிங் டெபாசிட் என்பார்கள், லேப்டாப்புக்கு அட்வான்ஸ் என்பார்கள். எந்தப் பேரில் கேட்டாலும் போனை வை. அக்காவின் வளையல் அக்கா கையிலேயே இருக்கட்டும்.

பெரிய ஆட்கள் கதை சொல்லித் தேற்றுவது எனக்குப் பிடிக்காது, ஆனால் ஒன்றே ஒன்று. மேக்ரி சர்க்கிள் பக்கம் ராமன் ஆராய்ச்சி நிலையம் தாண்டிப் போயிருப்பாய். சி.வி. ராமன் இளவயதில் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகவேண்டியவர், அந்த ஊர்க் குளிரை உன் உடம்பு தாங்காது என்று மெட்ராஸில் டாக்டர் தடுத்துவிட்டார். 1907-ல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு வேலையில் சேர்ந்தார், ஆபீஸுக்கு முன்னும் பின்னும் அங்கே ஒரு சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், வருஷக்கணக்காக. நோபல் வந்தது 1930-ல். உனக்கும் நோபல் வரும் என்று சொல்ல வரவில்லை, மாப்ளே. பிடித்தது கிடைக்கும்வரை கிடைத்ததில் சம்பளம் வாங்கு, பிடித்ததை விடாதே. இதுதான் வாசகம், மிச்சம் எல்லாம் அவர் திறமை.

"எல்லாம் நன்மைக்கே" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போ. எல்லாமே நன்மைக்கு இல்லை, சிலது வெறும் மோசமான செவ்வாய்க்கிழமை.

ஊருக்குப் பஸ் ஏறுகிறேன் என்றாயாமே, ஏறு, தப்பில்லை. ஆனால் பி.ஜி. அட்வான்ஸை அவசரப்பட்டுத் திருப்பிக் கேட்காதே, திரும்பி வரும்போது மாரத்தஹள்ளியில் அந்த வாடகைக்குக் கட்டில் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை அல்சூருக்கு வா, அத்தை மீன் வாங்கச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கேள்வி நோட்டையும் எடுத்துக்கொண்டு வா.