சமையல்காரருடன் பேசியதன் குறிப்பு: சாப்பாடு, இலைக்கணக்கு, முன்பணம், ருசி பார்க்கும் நாள்

அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை, அக்கா அனைவருக்கும்:

ஜூன் 18, வியாழக்கிழமை மாலை அப்பா சமையல் ஒப்பந்தக்காரருடன் பேசிய 24 நிமிட அழைப்பை இரண்டு முறை கேட்டு இக்குறிப்பை எழுதியிருக்கிறேன். அழைப்பு பதிவாவதை அப்பா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அவரும் அதற்கு ஒப்புக்கொண்டார். இருவரும் ஒத்துக்கொண்டதையும் பேச்சுவாக்கில் வந்ததையும் தனித்தனியே காட்டியிருக்கிறேன்.

சாப்பாடு

ஆகஸ்ட் 22, சனிக்கிழமை இரவு வரவேற்பு விருந்துக்குச் சப்பாத்தி, குருமா, காய்கறி பிரியாணி, தயிர்ப்பச்சடி, மினி இட்லி, தயிர்சாதம், ஐஸ்கிரீம், பீடா ஆகியவை முடிவாகிவிட்டன. அம்மா கேட்ட ரவா தோசை முடிவாகவில்லை. இரண்டு கல்லில் ஊற்றினால் ஒரு பந்திக்கே சூடாகக் கொடுக்க முடியாது என்றும், மூன்றாவது கல்லும் அதற்கு ஓர் ஆளும் வேண்டுமானால் கூடுதலாக 3,000 ரூபாய் ஆகும் என்றும் அவர் சொன்னார். அப்பா "பார்க்கலாம்" என்று நிறுத்திக்கொண்டார். என் கருத்தைக் கேட்டால், பிரியாணி இருக்கும் இலையில் தோசை தேவையில்லை.

மறுநாள் காலை டிபனுக்கு இட்லி, வெண்பொங்கல், மெதுவடை, கேசரி, காபி. இதில் எந்தச் சிக்கலும் இல்லை.

முகூர்த்தச் சாப்பாட்டில் வெங்காயமும் பூண்டும் இருக்காது. இதை அவரே இருமுறை திருப்பிச் சொன்னார். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், அவியல், பீன்ஸ் பருப்பு உசிலி, உருளைக்கிழங்கு காரக்கறி, அப்பளம், புளியோதரை, ஜாங்கிரி ஆகியவை உறுதி. பாயசம் பாலா பருப்பா என்பது ருசி பார்த்த பிறகு முடிவாகும். வடையைப் பற்றி 11ஆவது நிமிடத்தில் அவர் ஏதோ சொல்கிறார்; அந்த இடத்தில் லாரி ஹாரன் அடித்ததால் மசால் வடை என்றாரா மெதுவடை என்றாரா என்பது கேட்கவில்லை. ஊகித்து எழுதுவதைவிட அவரையே கேட்டுக்கொள்வது நல்லது.

இலைக்கணக்கு

நாம் அனைவரும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். அப்பா முகூர்த்தச் சாப்பாட்டுக்கு "நானூறு, நானூற்றைம்பது வரும்" என்றார். சற்று நேரம் கழித்து அவர் "சரி, நானூற்றைம்பது இலை" என்று எழுதிக்கொண்டதாகச் சொல்ல, அப்பா மறுக்கவில்லை. ஆகவே அவர் கணக்கில் இப்போது இருப்பது 450. வரவேற்புக்கு 350, காலை டிபனுக்கு 180. ஓர் இலைக்கு முறையே 480, 420, 180 ரூபாய் என்பதால், மொத்தம் 3,95,400 ரூபாய் ஆகிறது.

முகூர்த்தத்துக்கு எத்தனை பேர் குறைவாக வந்தாலும் 400 இலைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். 450க்கு மேல் 45 இலை வரை அதே விலையில் போடுவார்கள். அதற்கு மேல் போனால் என்ன செய்வார் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இறுதி எண்ணிக்கையை ஆகஸ்ட் 13, வியாழக்கிழமைக்குள் தர வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி இலை போட்டால் மட்டுமே கணக்கில் சேரும். பந்தி முடிந்ததும் எண்ணுவதற்கு நம் பக்கத்திலிருந்து ஒருவர் அவருடைய ஆளுடன் நிற்க வேண்டும் என்றார். பெரியப்பா அதை ஏற்றுக்கொண்டால் நல்லது.

முன்பணம்

ஜூன் 25, வியாழக்கிழமைக்குள் 1,00,000 ரூபாய்; ஆகஸ்ட் 16 அன்று 1,50,000 ரூபாய்; மீதியை இலை எண்ணிய பிறகு முகூர்த்த நாளன்றே தர வேண்டும். வங்கிக் கணக்கு விவரத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதாகச் சொன்னார், இன்னும் வரவில்லை. அது வந்ததும், பணம் அனுப்பும் முன் அவருக்கு ஒருமுறை அழைத்து எண்ணைச் சரிபார்த்துக்கொள்வோம். முப்பது நாளுக்கு முன்பே தேதி மாற்றத்தைத் தெரிவித்தால் முன்பணம் புதிய தேதிக்குச் செல்லும் என்பது வாய்வார்த்தையாக மட்டுமே உள்ளது. பாத்திரம், கேஸ், பரிமாறும் ஆட்கள் ஆகிய எல்லாம் இலை விலையில் அடக்கம். வாழை இலையும் தண்ணீர் பாட்டிலும் அடக்கமா என்று கேட்க விட்டுப்போயிற்று. இவற்றையெல்லாம் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

ருசி பார்த்தல்

ஜூன் 28, ஞாயிறு காலை 11 மணிக்கு அவருடைய சமையற்கூடத்தில். அதிகபட்சம் ஆறு பேர். அன்று அவர்கள் வேறொரு திருமணத்துக்குச் சமைப்பதால், பெரும்பாலானவற்றை அந்த அடுப்பிலிருந்தே எடுத்துத் தருவார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு வைக்கும் சாம்பாரின் ருசியை அறிய அதுவே சரியான வழி. அந்தத் திருமணச் சாப்பாட்டில் இல்லாத வத்தக்குழம்பும் இரண்டு பாயசங்களும் நமக்காகச் சிறிய அளவில் தனியாகச் செய்யப்படும். முன்பணம் 25ஆம் தேதி, ருசி 28ஆம் தேதி என்ற வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை. முன்பணத்தை 29ஆம் தேதிக்கு மாற்றக் கேட்கலாம்.

நான் திங்கட்கிழமை காலை அவரை அழைத்து வடை, வாழை இலை, தண்ணீர், 495க்கு மேற்பட்ட இலைகள், முன்பணத் தேதி ஆகிய ஐந்தையும் கேட்கிறேன். வேறு ஏதேனும் கேட்க வேண்டுமானால் ஞாயிறு இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.