மாமாவிடம் இருந்த பொருட்கள்

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த வரிசை இது:
பேனா ஒன்று, டெஸ்டர் ஒன்று, செல்போன் ஒன்று,
ரொக்கம் ரூ. 1,024,
மாத்திரைகள், காகிதங்கள், இதர.
கீழே என் கையெழுத்து.
உறவுமுறை என்ற கட்டத்தில் 'அக்கா மகள்'.

'இதர' என்று போட்டார்களே,
மாமாவில் பாதி அதற்குள் இருந்தது.
அதனால் நானே மறுபடி எழுதுகிறேன்.
மேலிருந்து கீழே, வெளியிலிருந்து உள்ளே.
சட்டைப் பை முதலில்.
அது ஊருக்கெல்லாம் தெரிந்த பை.


டெஸ்டர்

மஞ்சள் பிடி, முனை தேய்ந்தது.
பேனா மாதிரி பையில் செருகியிருப்பார்,
கல்யாண வீட்டுக்குப் போனாலும்.
அவருடைய எல்லாச் சட்டைக்கும்
பையின் அடியில் இடது மூலையில் ஒரு ஓட்டை இருக்கும்.
அத்தை தைப்பார். முனை மறுபடி குத்தும்.
முப்பது வருஷமாக நடந்த சண்டை,
இருவரில் யாரும் விட்டுக் கொடுக்கவில்லை.

ஏழாவது படிக்கும்போது எனக்குக் கற்றுக் கொடுத்தார்.
"முனையை பிளக் ஓட்டையில வை.
விரலை மேல் மூடியில வை.
பயப்படாதே, உள்ள ரெசிஸ்டன்ஸ் இருக்கு."
உள்ளே குட்டி நியான் விளக்கு ஆரஞ்சாக எரிந்தது.
"உன் வழியாத்தான் கரண்ட் போகுது பாப்பா,
உனக்கே தெரியாத அளவு.
ஆள் தொடலன்னா இது எரியாது."
விரலை எடுத்தேன், அணைந்தது.
வைத்தேன், எரிந்தது.
அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு பிளக் பாக்கி விடவில்லை.

நேற்று ஹாலில் வைத்துப் பார்த்தேன்.
டெஸ்டரில் பழுது ஒன்றும் இல்லை.


பேனா

நீல மை. மூடி கடித்தது.
வேறு எதுவும் சொல்வதற்கில்லை.


ஃபேன் கெபாசிட்டர், பழையது

2.5 எம்.எஃப்.டி. ஒரு பக்கம் உப்பியிருக்கிறது.
அயனாவரத்தில் ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கழற்றியது.
ஃபேன் ஹம் அடிக்கிறது, சுற்றவில்லை,
குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்று
அந்த வீட்டம்மா போனில் சொன்னார்களாம்.
அங்கேயே நோய் தெரிந்துவிட்டது மாமாவுக்கு.
ஞாயிற்றுக்கிழமை, லுங்கி, வெயில்,
கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவர்
வழியில் இதை முடித்துவிடலாம் என்று ஏறினார்.
புதியதை மாட்டினார்.
பழையதைப் பையில் போட்டுக்கொண்டார்.
இறங்கும்போது மாடிப்படியில் உட்கார்ந்தார்.

இந்த இடத்தில் ஒரு உவமை தானாக வந்து நிற்கிறது.
அதை எழுத மாட்டேன்.
அவர் கேட்டால் சிரிப்பார்.


நூறு ரூபாய் நோட்டு, இரண்டு

நாலாக மடித்தது. மற்றப் பணத்தோடு சேராமல்
கெபாசிட்டருக்கு அடியில் இருந்தது.
அது அயனாவரத்துக் கூலி.
உள்பையில் வைக்கிற நேரம் கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார்கள்.
அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு
வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்
"ஃபேன் நல்லா ஓடுதுங்க" என்றார்கள்.
அத்தை தலையாட்டினார்.
வந்தவர்கள் சொன்ன ஆறுதலில்
அத்தை காதில் விழுந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.


பத்து ரூபாய் காசு, ஏழு

கடைக்காரர்கள் வாங்க மறுத்த வருஷங்களில்
இவர் மட்டும் தேடித் தேடிச் சேர்த்தார்.
"கவர்மென்ட் அடிச்ச காசு, செல்லாதுன்னு நீ யாரு?"
டீக்கடை, மளிகைக்கடை, கீரைக்காரப் பாட்டி,
யாரையும் விட்டதில்லை.
பாட்டி மட்டும் ஜெயித்தார்.
கீரையைக் கொடுத்து, காசைத் திருப்பி வீசி,
"சும்மாவே எடுத்துட்டுப் போ" என்றார்.
மாமா அன்று முழுக்க உம்மென்று இருந்தார்.

அதோடு ஒரு ரூபாய் காசு நான்கு.
அவற்றுக்குக் கதை இல்லை.


பஸ் டோக்கன், ஆறு

அறுபது தாண்டியவர்களுக்கு
மாதம் பத்து டோக்கன் தருகிறது மாநகரப் பேருந்து.
வாங்கிய முதல் நாள் எனக்குப் போன் செய்தார்.
"உனக்கு 2021-லயே ஃப்ரீ ஆக்கிட்டான்.
எனக்கு இப்பதான் வழி பிறந்திருக்கு."
நான் வெள்ளைப் பலகை பஸ்ஸில் ஏறும்போதெல்லாம்
என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு
"ராணிம்மா" என்பார், கண்டக்டருக்கும் கேட்கிற மாதிரி.

இந்த மாதத்தில் நான்கு போய்விட்டது.
பெரம்பூரிலிருந்து பாரிமுனை, சாமான் வாங்க, போக வர.
மற்ற இரண்டு எங்கே போனார் என்று
வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.
தெரியாமலே இருக்கட்டும்.


மடித்த நோட்டீஸ், பின்பக்கம் எழுதியது

முன்பக்கம் ஆடித் திருவிழா, கூழ் வார்த்தல்.
பின்பக்கம் அவர் எழுத்து:

கொளத்தூர் – 2வது மாடி – புது வீடு
1.5 வயர் – 3 காயில்
2.5 வயர் – 2 காயில்
4 எம்.எம். – ஏ.சி.க்கு – 1 காயில்
6 ஆம்ப் சுவிட்ச் – 24
16 ஆம்ப் – 4
ஃபேன் ரெகுலேட்டர் – 5
பாட்டி ரூம், கட்டில் பக்கம் சுவிட்ச் – 1
(கேக்கல. நாமளா போடணும். ராத்திரி எந்திரிப்பாங்க.)
லேபர் –

லேபருக்கு எதிரே கோடு மட்டும்.
அந்த இடத்தை அவர் முதலில் நிரப்பியதே இல்லை.
வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் எழுதுவார்.
மூன்று பெண்களைக் கரையேற்ற இது வழியா என்று
அம்மா கேட்காத தீபாவளி கிடையாது.
"ஏறிட்டாங்கல்ல அக்கா" என்பார்.

தாளைப் படம் எடுத்துக் கொளத்தூர்க்காரருக்கு அனுப்பினேன்.
வேறு யாரை வைத்து வேலை செய்தாலும் சரி,
அந்த ஒரு சுவிட்சைப் போடுங்கள் என்றேன்.
நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.


மாத்திரை, இரண்டு அட்டை

ஒன்று சர்க்கரைக்கு. வீடு தேடி வந்து கொடுக்கிற அக்கா தந்தது.
எட்டு மிச்சம். ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்.

இன்னொன்று நெஞ்சு வலித்தால்
நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை.
பத்தும் அப்படியே இருக்கிறது.


விபூதிப் பொட்டலம்

அம்மன் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் தர்காவுக்கும்
சீரியல் செட் கட்டியவர்.
சாமிகளுக்குள் அவர் பார்த்த வித்தியாசம்
லோடு மட்டும்தான்.


*

இனி லுங்கி.


சோம்பு, அரைப் பொட்டலம்

இடுப்பு மடிப்பில் சுருட்டி வைத்திருந்தது.
எதற்கு என்று கேட்க வேண்டாம்.
குடியை விட்டுவிட்டதாகச் சமயபுரத்தில் சத்தியம் செய்தவர்
மாதம் ஒருமுறை, சம்பளம் கையில் வந்த ராத்திரி,
சோம்பு மென்றுகொண்டே வாசலில் செருப்பைக் கழற்றுவார்.
"அஜீரணம்" என்பார்.
"ஆமாம், அஜீரணம்தான்" என்று அத்தை சோறு போடுவார்.

இந்தப் பொட்டலத்தை அத்தையிடம் தராமல்
நான் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.
அவரே கேட்டு வாங்கினார்.
"சோம்பு இருந்திருக்குமே?"


*

டிராயர் பை.
பட்டாபட்டி டிராயர், முழங்கால் நீளம்,
வலப்பக்கம் ஜிப் வைத்துத் தைத்த பை.
தையல்காரர் ஒருவர்தான் இப்படித் தைப்பார் என்று
ஓட்டேரி வரை போவார்.
இதற்குள் யாரும் கை விட்டதில்லை.
துவைக்கப் போடும்போதுகூட அவரே காலி செய்வார்.
ஆஸ்பத்திரியில்தான் முதல்முறை
வேறொருவர் கை உள்ளே போயிருக்கிறது.


ரப்பர் பேண்ட் போட்ட பணம்

ஐநூறு ஒன்று, நூறு இரண்டு, ஐம்பது ஒன்று.
பால் கவர் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதற்குள்.
மழை, வியர்வை, எதுவும் தொடாது.


ஏலச்சீட்டு அட்டை

மாதம் இரண்டாயிரம், இருபது மாதம்.
பதிமூன்று கட்டங்களில் கையெழுத்து.
தள்ளுபடிக்கு எடுக்கவில்லை,
கடைசிச் சீட்டுக்குக் காத்திருந்திருக்கிறார்,
முழுத் தொகை வரட்டும் என்று.
எதற்காக என்று அட்டையில் போட்டிருக்கவில்லை.
அத்தைக்கும் தெரியாது.
மீதி ஏழு மாதத்தை மாப்பிள்ளைகள் மூவரும் பிரித்துக் கட்டுகிறார்கள்.
வருகிற பணத்தை என்ன செய்வது என்று
இப்போதே பேச்சு நடக்கிறது,
கொஞ்சம் சத்தமாகவே.


வயர்மேன் லைசன்ஸ், நகல்

லேமினேஷன் செய்தது, நாலு மூலையும் பிரிந்தது.
இதை ஏன் இவ்வளவு உள்ளே வைத்திருந்தார்?
யாரும் கேட்டதில்லையே.
கொளத்தூரிலோ அயனாவரத்திலோ
லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டா
ஃபேனைக் கழற்றக் கொடுத்தார்கள்?

கறுப்பு வெள்ளைப் படம்.
வயது இருபத்து நாலு இருக்கும்.
மீசை அவ்வளவு பெரியது,
முகம் அதற்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது.
இந்த மீசைக்காரர் மடியில் உட்கார வைத்துத்தான்
எனக்குக் காது குத்தினார்களாம்.
ஆசாரி ஊசியை எடுத்ததும்
நான் அழுவதற்கு முன்னால் அவர் அழுதாராம்.
சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எல்லாப் பொருளையும் கட்டிலில் பரப்பியபோது
அம்மா கல் மாதிரி நின்றிருந்தார்.
பணத்தை எண்ணினார், மாத்திரையைப் பார்த்தார்,
டெஸ்டரைத் துடைத்து வைத்தார்.
இந்த அட்டையை எடுத்ததும்
"டேய்" என்றார்.
அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.


*

செல்போன்

இது சட்டைப் பையில் இருந்ததுதான்.
சார்ஜ் இல்லாமல் கிடந்ததால் கடைசியில் வருகிறது.
பட்டன் போன். மூன்றும் ஆறும் அழிந்துவிட்டன.

மாமா ஆட்களைப் பெயர் போட்டுச் சேர்த்ததில்லை,
பழுதைப் போட்டுச் சேர்த்திருக்கிறார்.
மிக்ஸி டீச்சர்.
மோட்டார் சார்.
ஷாக் அடிக்கிற ஹீட்டர்.
கொளத்தூர் புது வீடு.
எலி கடிச்ச வயர்.
காசு தராதவர்.
காசு தராதவர் 2.
அத்தை 'வீடு'.
அம்மா 'அக்கா'.
நான் 'பாப்பா இஸ்திரிப்பெட்டி'.
2019-இல் ஒரு முறை பழுதானது,
அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருக்கிறது.
அவர் மாற்றவே இல்லை.

படித்துக்கொண்டே வந்தேன்.
அத்தை பக்கத்தில் உட்கார்ந்து
ஒவ்வொருவருக்கும் முகம் சொல்லிக்கொண்டிருந்தார்.
எலி கடிச்ச வயர் வரும்போது போன் அடித்தது.
மிக்ஸி டீச்சர்.

எடுத்தேன்.
"அண்ணே, சுவிட்ச் போர்டுல புகை வருதுண்ணே,
ஏதோ தீயற வாசனை, குழந்தை வேற இங்க..."
எனக்கு வாய் வரவில்லை.
அத்தை போனை வாங்கினார்.

"மெயினை ஆஃப் பண்ணும்மா முதல்ல.
ஈரக் கையா? துடைச்சுக்கோ.
செருப்பு போட்டுக்கோ.
ஆஃப் பண்ணிட்டியா?
தண்ணி எதுவும் ஊத்திடாதே.
குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வா.
சரி.
இல்லம்மா, அவர் வர மாட்டார்.
ஆமா. போன மாசம்.
நீ அழாதே, குழந்தை பயந்துக்கும்.
அஞ்சு நிமிஷத்துல ஆள் அனுப்பறேன்.

பாப்பா,
அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டிருந்த பையன் நம்பர் பாரு.
'கத்துக்குட்டி'ன்னு போட்டிருப்பார்."