பீட்ரூட் செல்களின் சவ்வு ஊடுருவுதிறனில் வெப்பநிலையின் விளைவு: செய்முறைத் திட்டம்

பதினோராம் வகுப்பு, உயிரி-தாவரவியல்
இடம்: பள்ளி ஆய்வகம், தண்டையார்பேட்டை
காலம்: திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாட்கள்

ஆய்வு வினா

பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணமான பீட்டாசயனின் செல்லின் நடுவிலுள்ள வாக்குவோலில் அடைபட்டுள்ளது. அது வெளியேற வேண்டுமெனில் வாக்குவோலைச் சூழ்ந்த டோனோபிளாஸ்ட், செல்லைச் சூழ்ந்த பிளாஸ்மா சவ்வு ஆகிய இரண்டையும் கடக்க வேண்டும். செல் சுவர் இந்நிறமிக்குப் பெரிய தடையன்று. ஆகவே துண்டு கிடக்கும் நீரில் எவ்வளவு நிறம் ஏறுகிறது என்பது சவ்வுகள் எந்த அளவுக்குக் காவல் காக்கின்றன என்பதைக் காட்டும். 20 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றும்போது அக்காவல் எந்த வெப்பநிலையில் தளர்கிறது என்பதே நம் வினா.

கருதுகோள்

40 டிகிரி வரை கசிவு சிறிதளவே கூடும். 50 டிகிரிக்கு மேல் திடீரென ஏறும். சூடு ஏறும்போது பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகளின் அசைவு கூடிச் சவ்வு இளகுகிறது என்பது ஒரு காரணம். சவ்வில் பதிந்துள்ள புரதங்கள் இயல்பிழந்து உருக்குலைவது மற்றொன்று. முதற்காரணம் மட்டுமே செயல்பட்டால் வரைபடம் சீராக ஏற வேண்டும். இரண்டாவதும் சேர்ந்தால் ஓரிடத்தில் செங்குத்தாகத் திரும்ப வேண்டும். கோடு தொடக்கம் முதல் இறுதி வரை நேராக ஏறினால் கருதுகோள் தவறு என்று எழுதத் தயங்கக் கூடாது.

வடிவமைப்பின் முக்கியச் சிக்கல்

துண்டுகளை வெவ்வேறு வெப்பநிலை நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து நிறத்தை ஒப்பிடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் வெந்நீரில் நிறமியின் பரவல் வேகமும் கூடுகிறது. நீண்ட நேரச் சூட்டில் பீட்டாசயனின் சிதைந்து வெளிறவும் செய்கிறது. அப்போது கிடைக்கும் அளவு சவ்வால் வந்ததா, பரவலால் வந்ததா, சிதைவால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது. எனவே சூட்டையும் கசிவையும் இரு கட்டங்களாகப் பிரிக்கிறோம்: துண்டுகள் குறித்த வெப்பநிலையில் 2 நிமிடம் மட்டும் இருக்கும், பிறகு எல்லாக் குழாய்களும் ஒரே 30 டிகிரியில் 20 நிமிடம் இருக்கும்.

நிலையான வெப்பநிலையாகப் பலரும் எடுக்கும் 25 டிகிரியை நாம் எடுக்கவில்லை. நம் ஆய்வகத்தில் மின்விசிறி ஓடும்போதும் குழாய்நீர் 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. இங்கு 20 டிகிரிக்குத்தான் பனிக்கட்டி வேண்டியிருக்கிறது.

மாறிகள்

சார்பிலா மாறி 20, 30, 40, 50, 60, 70 டிகிரி என்னும் ஆறு வெப்பநிலைகள். சார்ந்த மாறி, பச்சை வடிகட்டியுடன் (சுமார் 530 நானோமீட்டர்) நிறமானியில் அளக்கப்படும் ஒளி உறிஞ்சல். துண்டின் அளவு, எண்ணிக்கை, நீரின் கன அளவு, சூடேற்றும் நேரம், கசியும் நேரம், குலுக்கும் முறை ஆகியவை மாறாமல் வைக்கப்படும். குழாய்நீரிலும் அடிகுழாய் நீரிலும் உப்பு ஏறியிறங்கும் என்பதாலும், கால்சியம் அயனிகள் சவ்வின் உறுதியைப் பாதிக்கும் என்பதாலும் எல்லா இடத்திலும் வாலை வடிநீரே பயன்படும்.

துண்டுகளைத் தயாரித்தல்

நாளொன்றுக்கு ஒரு கிழங்கு. ஐந்து நாளுக்கு ஐந்து. ஒரே நாளில் ஒரே கடையில், இலைக்காம்பு வாடாததாகப் பார்த்து வாங்கிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். உறைபகுதியில் வைத்தால் பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்துவிடும். பீட்ரூட்டைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளையங்கள் எல்லாம் ஒரே அடர்த்தியில் சிவந்தவை அல்ல. ஒரு குழாய்க்கு வெளி வளையத் துண்டும் மற்றொன்றுக்கு உள் வளையத் துண்டும் போனால் வெப்பநிலையின் விளைவு அதில் மறைந்துபோகும். அதனால் 8 மில்லிமீட்டர் தக்கைத் துளைப்பானால் நான்கு இடங்களில் 20 மில்லிமீட்டர் நீள உருளைகள் எடுத்து, இரு முனையிலும் 3 மில்லிமீட்டரை நீக்கி, எஞ்சியதை 2 மில்லிமீட்டர் தடிமனில் ஏழு வில்லைகளாகச் சீவ வேண்டும். ஒவ்வோர் உருளையிலிருந்தும் ஒரு வில்லை ஒவ்வொரு குழாய்க்கும் செல்லும். குழாய்க்கு நான்கு வில்லைகள், மொத்தம் ஏழு குழாய்கள். மெல்லிய வில்லை என்பதால் சூடு சில நொடிகளில் நடுப்பகுதியை எட்டிவிடும்.

வெட்டும்போது கத்திபட்ட செல்கள் எல்லாம் உடைந்து நிறமியைக் கொட்டிவிட்டிருக்கும். அதைக் கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்ற ஆண்டு என் முன்னோட்டத்தில் கண்டேன்: 20 டிகிரிக் குழாய் 50 டிகிரிக் குழாயைவிடச் சிவப்பாக நின்றது. நீர் நிறமற்று வரும்வரை, குறைந்தது 30 நிமிடம், நீரை மாற்றிக் கழுவி, வடிதாளால் ஒற்றியெடுக்க வேண்டும், பிழியக் கூடாது.

செய்முறை

ஆய்வகத்தில் நீர்த்தொட்டி ஒன்றே உள்ளது. அது 30 டிகிரிக்கே தேவைப்படும். ஆறு வெப்பநிலைகளுக்கும் காசிமேட்டில் மீன் அடுக்கும் தெர்மாகோல் பெட்டிகளில் ஆறு கேட்டு வாங்கியிருக்கிறோம். (சோப்புநீரில் இருமுறை கழுவியும் வாடை போகவில்லை, குழாய்கள் மூடியிருப்பதால் ஆய்வுக்குப் பாதிப்பில்லை.) கொதிநீரும் பனிநீரும் கலந்து நிரப்பினால், மூடிய பெட்டி 2 நிமிடத்துக்கு ஒரு டிகிரிகூட இறங்காமல் நிற்கும். வெப்பநிலைமானியில் தொடக்க அளவையும் முடிவு அளவையும் குறிக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் விலகிய குழாய் கணக்கில் சேராது.

ஒவ்வொரு குழாயிலும் 2 மில்லிலிட்டர் வடிநீர் ஊற்றிப் பெட்டியில் வைத்து, அது உரிய வெப்பநிலையை அடைந்தபின் நான்கு வில்லைகளை இட வேண்டும். 2 நிமிடம் முடிந்ததும் 30 டிகிரி வடிநீர் 8 மில்லிலிட்டரைச் சேர்த்து, குழாயை உடனே நீர்த்தொட்டிக்கு மாற்ற வேண்டும். முதல் நீரைக் கொட்டாததற்குக் காரணம் உண்டு: சூட்டின்போதே கசிந்த நிறமியும் கணக்கில் வர வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, 20ஆம் நிமிடத்தில் நீரை மட்டும் வேறு குழாய்க்கு வடித்து மாற்ற வேண்டும். எந்த வெப்பநிலை முதலில் என்பதை அன்றன்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும்.

ஒப்பீட்டுக் குழாய்கள்

ஏழாவது குழாயின் வில்லைகளைக் காலையிலேயே உறையவைத்து, பிற்பகலில் உருகவிட்டு, 30 டிகிரியில் மற்றவற்றைப் போலவே நடத்த வேண்டும். சவ்வு கிழிந்தபின் வரும் இந்த நிறமே அன்றைய கிழங்கின் உச்ச அளவு.

கசிவு விழுக்காடு = (குழாயின் உறிஞ்சல் ÷ உறைந்த குழாயின் உறிஞ்சல்) × 100

ஒரு கிழங்கு அடர்சிவப்பாகவும் மற்றொன்று வெளிறியும் இருப்பதால் வரும் வேறுபாட்டை இக்கணக்கு ஈடுசெய்யும். உறிஞ்சல் 1ஐத் தாண்டினால் நான்கு மடங்காக நீர்த்து அளந்து நான்கால் பெருக்க வேண்டும். நிறமானியைச் சுழியாக்க வடிநீர் மட்டும் உள்ள குழாய் போதும். இவற்றோடு, வில்லையின்றி நிறமி நீரை மட்டும் 70 டிகிரியில் 2 நிமிடம் வைத்து, 30 டிகிரியில் வைத்த அதே நீரோடு ஒருமுறை ஒப்பிட வேண்டும். அதில் வேறுபாடு தெரிந்தால் 70 டிகிரி அளவு உண்மையைவிடக் குறைவு என்று குறிப்பிடலாம்.

பதிவும் வரைபடமும்

ஐந்து நாட்களின் சராசரியையும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் மிகக் குறைந்த, மிகக் கூடிய அளவுகளையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். நாம் அளப்பது கசிந்த நிறமியை மட்டுமே. இரு சவ்வுகளில் எது முதலில் தளர்ந்தது என்று இதிலிருந்து சொல்ல முடியாது, முடிவுரையில் அப்படி எழுதவும் கூடாது.

குழாய்களுக்கு வெப்பநிலையை எழுதாமல் க, ச, ட, த, ப, ம, ய என எழுத்திட வேண்டும். எழுத்துப் பட்டியல் ஒரு மாணவரிடமும் நிறமானி இன்னொரு மாணவரிடமும் இருக்கும். ஐந்தாம் நாள் அளவெடுப்பு முடியும்வரை இருவரும் தாளை மாற்றிக்கொள்ளக் கூடாது.